1680-இல் ஒரு பள்ளம்

எம்.எஸ்சி. வேதியியல் வகுப்பில் அகச்சிவப்பு நிறமாலைப் பாடம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கும். ஆல்கேனில் தொடங்கி ஆல்கீன், ஆல்கைன், பென்சீன் வளையம் என்று போய், ஆல்கஹால், ஆல்டிஹைடு, கீட்டோன், அமிலம், எஸ்டர், அமைடு வரைக்கும் வரும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு மூன்று எண்கள் சொல்லப்படும். ஆல்கஹால் என்றால் 3400 பக்கம் அகலமாக ஒன்று, கீட்டோன் என்றால் 1715-இல் வலுவாக ஒன்று, இப்படி. மாணவர் எழுதிக்கொள்வார், பத்துப் பக்கம் நிரம்பும்.

அடுத்த வாரம் ஆய்வகத்தில் பெயர் தெரியாத திரவம் ஒன்றின் நிறமாலைத் தாளைக் கையில் கொடுப்பார்கள். அப்போது அந்தப் பத்துப் பக்கமும் கைகொடுக்காது. அதில் தகவல் குறைவு என்பதால் அல்ல. திசை தலைகீழாக இருப்பதால். பாடம் சேர்மத்திலிருந்து எண்ணுக்குப் போகிறது. தாளை வைத்துக்கொண்டு நிற்பவரோ எண்ணிலிருந்து சேர்மத்துக்குப் போக வேண்டும். தவறிய அழைப்பு வந்த எண்ணை வைத்துக்கொண்டு, பெயர் வரிசையில் அச்சடித்த டெலிபோன் டைரக்டரியில் ஆளைத் தேடுவது போன்ற நிலைமை அது. டைரக்டரியில் அந்த எண் இருக்கும்தான். ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்ட வேண்டும்.

ஆகவே பாடத்தைத் திருப்பிப் போட்டு, எண் வரிசையில் ஓர் அட்டவணை செய்ய வேண்டும். கேட்பதற்கு எழுத்தர் வேலை போலத் தெரியும். செய்து பார்த்தால்தான், எதை எழுதுவது, எதை விடுவது என்ற ஒவ்வொரு முடிவிலும் வேதியியல் உட்கார்ந்திருப்பது தெரியும்.

அட்டவணைக்குப் போகும் முன், அந்த எண்கள் என்னவென்று பார்த்துவிடுவோம். மூலக்கூறில் அணுக்களைப் பிணைக்கும் பிணைப்புகள் அசையாமல் கிடப்பவை அல்ல. சுருள்வில்லின் இரு முனைகளில் கட்டிய எடைகளைப் போல அவை ஓயாமல் நீண்டு சுருங்குகின்றன. ஒவ்வொரு பிணைப்புக்கும் அதற்கேயான அதிர்வு வேகம் உண்டு. அதே வேகத்தில் அதிரும் அகச்சிவப்பு ஒளி வந்து விழுந்தால் பிணைப்பு அதை விழுங்கிக்கொள்ளும். கருவி பல வேகங்களில் ஒளியை அனுப்பி, மறுபுறம் எது குறைந்து வருகிறது என்று வரைகிறது. குறைந்த இடத்தில் கோடு கீழே இறங்கும். பள்ளமாகத்தான் தெரியும்; ஆனாலும் ஆய்வகத்தில் எல்லோரும் பீக் என்றுதான் சொல்வார்கள்.

தாளின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அலை எண் என்று பெயர். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்பதே அது. வழக்கமாக இடது ஓரத்தில் 4000, வலது ஓரத்தில் 400. பிணைப்பு எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ, அணுக்கள் எவ்வளவு இலேசாக இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு எண் உயரும். ஹைட்ரஜன் மிக இலேசான அணு என்பதால் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு 3000-ஐ ஒட்டி நிற்கும். கார்பனும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட ஒரே எடை கொண்டவை. அவற்றுக்கிடையே ஒற்றைப் பிணைப்பு இருந்தால் 1100 பக்கம், இன்னும் விறைப்பான இரட்டைப் பிணைப்பு இருந்தால் 1700 பக்கம். இந்த ஒரே காரணம் தெரிந்தால் அட்டவணையின் பெரும்பகுதி மனப்பாடம் இல்லாமலேயே விளங்கிவிடும். இடது ஓரத்தில் ஹைட்ரஜன் பிணைப்புகள், 2200 பக்கம் மும்மைப் பிணைப்புகள், 1600 முதல் 1800 வரை இரட்டைப் பிணைப்புகள், அதற்குக் கீழே ஒற்றைப் பிணைப்புகளும் வளைவு அதிர்வுகளும்.

ஒரே தொகுதி வெவ்வேறு சேர்மங்களில் ஏறக்குறைய ஒரே இடத்தில் தோன்றுகிறது என்பதை விரிவாகக் காட்டியவர் அமெரிக்கரான வில்லியம் கோப்லென்ட்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களை அளந்து 1905-இல் வெளியிட்டார். தானாக வரையும் கருவி அப்போது இல்லை. புள்ளி புள்ளியாக அளந்து கையால் கோடு இழுக்க வேண்டும். வேதியியலாளர்கள் இதை அன்றாடக் கருவியாக எடுத்துக்கொள்ள இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் விலைக்கு வாங்கக்கூடிய கருவிகள் வந்தன. நிறமாலைத் தாள்கள் குவியத் தொடங்கியதும், அவற்றை எப்படி விரைவாகப் படிப்பது என்பதே சிக்கலாயிற்று. அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த நார்மன் கோல்தப் 1950-இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். மேலே அலை எண் அளவுகோல். கீழே ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி. அந்தத் தொகுதி எங்கிருந்து எங்குவரை தோன்றலாம் என்பதற்கு ஒரு கிடைக்கோடு. அதன் பக்கத்தில் வலுவா, நடுத்தரமா, மெலிவா என்ற குறிப்பு. இன்று பாடநூல்களின் பின்னிணைப்பில் இருக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் அதன் வாரிசுகளே.

கோல்தப்பின் வரைபடத்தில் நான் மிகவும் மதிப்பது, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒற்றை எண் போடாமல் கோடு போட்டதுதான். கோட்டின் நீளமே ஒரு செய்தி. நைட்ரைலுக்கான கோடு 2210 முதல் 2260 வரை, குட்டையானது, நம்பலாம். ஆல்கஹாலின் O–H கோடு 3200 முதல் 3550 வரை நீளும். அதன் இருப்பிடத்தை வைத்து நுணுக்கமாக வாதாடக் கூடாது. வகுப்புக் குறிப்பில் "ஆல்கஹால் – 3400" என்று மட்டும் இருந்தால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

இனி வேலைக்கு வருவோம். பாடக் குறிப்பைச் சீட்டுச் சீட்டாக உடைப்பதுதான் முதல் படி. ஒரு சீட்டில் ஒரே ஓர் எண் வரம்பு. அதோடு பள்ளத்தின் வடிவம், வலு, எந்தத் தொகுதி, கூடவே வேறெங்கு துணைப் பள்ளம் வர வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். பாடத்தில் எஸ்டர் ஒரே தலைப்பு. சீட்டில் அது இரண்டாகும்: 1740 பக்கம் ஒன்று, 1000 முதல் 1300 வரைக்கான பகுதியில் ஒன்று. ஆல்டிஹைடும் இரண்டு சீட்டு. எல்லாச் சீட்டையும் எழுதி முடித்தபின் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு அடுக்கினால் அட்டவணையின் மேல்பகுதி ஏறக்குறைய இப்படி அமையும்:

3200–3550 | அகலம், வலு | ஆல்கஹால் அல்லது பீனால் O–H | துணை: 1000–1260
3300–3500 | நடுத்தரம்; ஒற்றையா இரட்டையா பார்க்கவும் | N–H | துணை: அமைடானால் 1660
2500–3300 | மிக மிக அகலம் | கார்பாக்சிலிக் அமில O–H | துணை: 1710
2700–2850 | சிறிய இரட்டை | ஆல்டிஹைடு C–H | துணை: 1725
2210–2260 | கூர்மை | நைட்ரைல் | துணை இல்லை
1650–1820 | மிக வலு | கார்போனைல் C=O | தனித்தாள் பார்க்கவும்

வடிவத்தை ஏன் எழுத வேண்டும் என்பது முதல் மூன்று வரிகளைப் பார்த்தாலே புரியும். எண் மட்டும் இருந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஆல்கஹாலின் பள்ளம் கிண்ணம் போல வழவழப்பாக இறங்கும். முதன்மை அமீன் இரண்டு சிறு பற்களைக் காட்டும். கார்பாக்சிலிக் அமிலமோ 3300-இல் சரியத் தொடங்கி 2500 வரை இழுத்துக்கொண்டு போய், நடுவில் வரும் C–H பள்ளங்களையும் தன்மேல் சுமந்து நிற்கும். ஒரு முறை பார்த்தவருக்கு மறக்காது. ஆனால் எண் வரிசையில் எழுதும்போது இந்தத் தோற்றம்தான் முதலில் உதிர்ந்துபோவது.

துணைப் பள்ளத்துக்கான பத்திதான் அட்டவணையின் முதுகெலும்பு. தனியாக நிற்கும் எந்தப் பள்ளத்தையும் நம்பி ஒரு தொகுதியை அறிவித்துவிடக் கூடாது. இதையே மறுபக்கமிருந்தும் பயன்படுத்தலாம்: துணை இல்லையென்றால் அந்தத் தொகுதியை அடித்துவிடலாம். அனுபவசாலிகள் நிறமாலையில் இருப்பதைவிட இல்லாததைத்தான் முதலில் பார்ப்பார்கள். 1650-க்கும் 1820-க்கும் இடையே வலுவான பள்ளம் இல்லையா? ஆல்டிஹைடு, கீட்டோன், எஸ்டர், அமிலம், அமைடு எல்லாம் ஒரே வீச்சில் வெளியே.

ஆனால் எல்லா "இல்லை"யும் ஒரே தரத்தவை அல்ல. ஒரு பிணைப்பு அதிரும்போது அதன் மின்னூட்டச் சமநிலை மாறினால்தான் அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். கார்போனைலில் அந்த மாற்றம் மிகப் பெரிது. ஆகவே அது ஒளிந்துகொள்ளாது. இரு பக்கமும் ஒரே மாதிரித் தொகுதிகள் கொண்ட கார்பன்–கார்பன் மும்மைப் பிணைப்பில் மாற்றமே இல்லை; அது இருந்தும் தெரியாது. அப்படிப்பட்டவற்றைப் பிடிக்க 1928-இல் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் முறைக்குப் போக வேண்டும். அகச்சிவப்பில் மறைவது அங்கே பளிச்சென்று தெரியும். எனவே அட்டவணையில் கார்போனைல் வரிக்கு "இல்லையென்றால் இல்லைதான்" என்றும், ஆல்கைன் வரிக்கு "இல்லாவிட்டாலும் இருக்கலாம்" என்றும் குறித்துவைப்பது நல்லது. அச்சிட்ட அட்டவணைகளில் இந்தக் குறிப்பு அபூர்வம்.

சீட்டுகளை அடுக்கும்போது 1700-ஐச் சுற்றி ஒரு குவியல் சேரும். அதை ஒரே வரியில் அடைக்க முடியாது, தனித்தாள் வேண்டும். அந்தத் தாளை இன்னொரு பட்டியலாக எழுதாமல், தொடக்க எண்ணும் திருத்தமுமாக எழுதுவது என் பரிந்துரை. சாதாரணக் கீட்டோன் 1715. இதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். கார்போனைலின் கார்பனிலிருந்து எலக்ட்ரானை இழுக்கும் அணு பக்கத்தில் வந்தால் இரட்டைப் பிணைப்பு விறைக்கும், எண் ஏறும்: எஸ்டர் 1740, அமிலக் குளோரைடு 1800. எலக்ட்ரானைக் கொடுக்கும் நைட்ரஜன் பக்கத்தில் வந்தால் பிணைப்பு தளரும், எண் இறங்கும்: அமைடு 1660. பென்சீன் வளையமோ இன்னோர் இரட்டைப் பிணைப்போ ஒட்டி நின்றால் 20 முதல் 40 வரை இறங்கும். கார்போனைல் சிறிய வளையத்துக்குள் சிக்கினால் ஏறும்: ஐந்து அணு வளையத்தில் கீட்டோன் 1745, நான்கு அணு வளையத்தில் 1780. ஹைட்ரஜன் பிணைப்பு கார்போனைலின் ஆக்சிஜனைப் பற்றி இழுத்தால் இறங்கும்.

வளையத்தால் வரும் ஏற்றம் ஒரு காலத்தில் பெரிய வழக்கு ஒன்றில் சாட்சி சொன்னது. போர்க் காலத்தில் பென்சிலினின் அமைப்பு என்ன என்பதில் வேதியியலாளர்கள் இரண்டு அணியாக நின்றார்கள். அதன் நடுவில் நான்கு அணு வளையத்துக்குள் அமைடு இருக்கிறது என்றது ஓர் அணி. மறு அணி நம்பவில்லை. சாதாரண அமைடு 1660 பக்கம் நிற்க வேண்டியது. பென்சிலினில் 1770-ஐ ஒட்டி ஒரு பள்ளம் இருந்தது. நான்கு அணு வளையத்தில் இறுக்கப்பட்ட அமைடு அங்குதான் வரும். 1945-இல் டோரத்தி ஹாட்ஜ்கினின் எக்ஸ் கதிர் ஆய்வு வழக்கை முடித்துவைத்தது. வளையக் கட்சியே வென்றது.

இப்போது அட்டவணையை ஒரு சோதனைக்கு உட்படுத்துவோம். நிறமற்ற திரவம். சோடியத்தோடு உருக்கிச் செய்யும் சோதனையில் நைட்ரஜன் இல்லை என்று வந்திருக்கிறது. மூலக்கூறு வாய்பாடு C₈H₈O₃ என்று தெரியும். வாய்பாட்டை வைத்து முதலில் ஒரு கணக்கு: எட்டு கார்பனும் ஆக்சிஜனும் மட்டும் கொண்ட, வளையமோ இரட்டைப் பிணைப்போ இல்லாத சேர்மத்தில் 18 ஹைட்ரஜன் இருக்க வேண்டும். இருப்பது எட்டு. குறைவது பத்து, இரண்டிரண்டாக ஐந்து ஜோடி. பென்சீன் வளையம் ஒன்றே நான்கு ஜோடியைத் தின்றுவிடும். மீதி ஒன்று கார்போனைலாக இருக்கலாம். இதே வாய்பாட்டுக்கு வேதிப்பொருள் அலமாரியில் பல பேர் உண்டு: வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின், பூசணம் பிடிக்காமல் இருக்க முகக் கிரீமில் சேர்க்கும் மெத்தில் பாராபென், மாண்டெலிக் அமிலம், இன்னும் சில. அவை மூன்றும் அறை வெப்பநிலையில் திண்மங்கள்தான். ஆனால் கொஞ்சம் அசுத்தமோ கரைப்பானோ கலந்தால் திண்மமும் கசகசவென்று இளகி நிற்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவில்லை.

நிறமாலையில் முக்கியப் பள்ளங்கள் இவை: 3190-இல் நடுத்தர வலுவில் அகலமாக ஒன்று, 2955-இல் சிறியது, 1680-இல் மிக வலுவானது, 1615, 1585, 1485 மூன்றும், 1300-க்கும் 1090-க்கும் இடையே பல வலுவான பள்ளங்கள், 757-இலும் 701-இலும் தலா ஒன்று.

எண்ணை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு 3190-உம் 1680-உம் சேர்ந்து அமைடு என்று கத்தும். பென்சமைடு கிட்டத்தட்ட இந்த இடங்களில்தான் தோன்றும். ஆனால் நைட்ரஜன் இல்லை என்று ஏற்கெனவே தெரியும், அமைடு போயிற்று. அடுத்த ஊகம் கார்பாக்சிலிக் அமிலம். பென்சீன் வளையத்தில் நேரடியாக ஒட்டிய அமிலம் 1680-இல் வருவது இயல்பே. இங்கே வடிவம் தீர்ப்புச் சொல்கிறது: 3190-இன் பள்ளம் அகலமாக இருந்தாலும் 2500 வரை இழுபடவில்லை. சந்தேகம் தீர, ஒரு துளியைச் சமையல் சோடாக் கரைசலில் விட்டால் நுரை வரவில்லை. அமிலமும் போயிற்று; அதோடு மாண்டெலிக் அமிலமும்.

மூன்றாவது ஊகம் வெனிலின். அதன் கார்போனைலும் 1665-ஐ ஒட்டித்தான் நிற்கும், O–H உண்டு, வளையம் உண்டு. துணைப் பத்தியைப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆல்டிஹைடு என்றால் 2700–2850 பகுதியில் அந்தச் சிறு இரட்டை வந்தாக வேண்டும். தாளில் அங்கே கோடு அமைதியாகப் போகிறது. ஆல்டிஹைடு இல்லை.

மிச்சம் இருப்பவை கீட்டோனும் எஸ்டரும். 1300 முதல் 1090 வரை இருக்கும் வலுவான பள்ளங்கள் C–O பிணைப்பு ஒன்றுக்கு மேல் இருப்பதைச் சொல்கின்றன. எஸ்டருக்கு அது துணை. ஆனால் எஸ்டர் 1740-இல் அல்லவா நிற்க வேண்டும்? 60 குறைந்து 1680-இல் எப்படி வந்தது? வெறும் பட்டியலாக எழுதிய அட்டவணை இங்கே கையை விரித்துவிடும். திருத்தங்களோடு எழுதிய தனித்தாள் மட்டுமே வழி சொல்லும். பென்சீன் வளையம் ஒட்டியதற்கு ஒரு கழிவு: எடுத்துக்காட்டாக மெத்தில் பென்சோயேட் 1724-இல் வருகிறது. இன்னும் 44 பாக்கி. அதைக் கழிக்கக்கூடியது ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான். 3190 என்ற எண்ணையும் மறுபடி பாருங்கள்: O–H-க்கான கோடே 3200-இல்தான் தொடங்குகிறது. இவரும் தன் இடத்திலிருந்து இறங்கி நிற்கிறார். கார்போனைலும் O–H-உம் ஒருங்கே இறங்கியிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

ஒரே மூலக்கூறுக்குள் பற்றிக்கொண்டிருக்கின்றனவா, பக்கத்து மூலக்கூறைப் பற்றியிருக்கின்றனவா? இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாக்காத கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற கரைப்பானில் திரவத்தை நன்றாக நீர்த்து மறுபடி நிறமாலை எடுக்க வேண்டும். மூலக்கூறுகள் விலகிப் போனால், பக்கத்து மூலக்கூறைப் பற்றியிருந்த பிடி விட்டு, O–H 3600 பக்கம் ஏறிக் கூர்மையாகும், கார்போனைலும் ஏறும். மெத்தில் பாராபென் அப்படித்தான் நடந்துகொள்ளும். நம் திரவம் நீர்த்தாலும் அசையவில்லை. பிடி மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது. அப்படியென்றால் O–H-உம் எஸ்டரும் வளையத்தில் அடுத்தடுத்த கார்பன்களில் இருந்தாக வேண்டும். எட்டு கார்பனில் ஆறு வளையத்துக்கும் ஒன்று கார்போனைலுக்கும் போக மீதி ஒரே ஒரு கார்பன்: மெத்தில். ஆக, மெத்தில் சாலிசிலேட்.

ஊட்டிக்குச் சுற்றுலா போனவர்கள் விண்டர்கிரீன் தைலம் என்று வாங்கி வருவார்களே, அதில் பெரும்பகுதி இதுதான். நீலகிரியில் வளரும் கால்தீரியா செடியின் இலையிலிருந்து வடிப்பது. மூட்டுவலிக் களிம்புகளின் வாசனையும் இதனுடையதே. மூடியைத் திறந்ததுமே மூக்கு விடையைச் சொல்லியிருக்கும் என்பது உண்மை. பழைய வேதியியலாளர்கள் மூக்கை நம்பினார்கள், இன்றைய ஆய்வக விதிகள் அனுமதிப்பதில்லை.

இந்தக் கதையில் 757, 701 இரண்டையும் நான் இதுவரை தொடவில்லை. காரணம் உண்டு. 700 முதல் 860 வரையுள்ள பகுதியை வைத்து, பென்சீன் வளையத்தில் எத்தனை இடங்களில் தொகுதிகள் மாட்டியிருக்கின்றன என்று சொல்லலாம் என்பது பாடம். ஒரே இடம் என்றால் 750-உம் 700-உம் ஆக இரண்டு. அடுத்தடுத்த இரண்டு இடம் என்றால் 750 பக்கம் ஒன்று மட்டும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் திரவத்தின் வளையத்தில் ஒரே ஒரு தொகுதிதான் என்று வரும். அது தவறு. கார்போனைலோ நைட்ரோவோ வளையத்தில் நேரடியாக ஒட்டியிருந்தால் இந்த விதி தடுமாறும். அவற்றின் அதிர்வும் அதே பகுதியில் வந்து கலந்துவிடும். எனவே அட்டவணையின் அந்த வரிக்குப் பக்கத்தில் "கார்போனைல் ஒட்டிய வளையத்துக்குப் பொருந்தாது" என்று சிவப்பு மையில் எழுத வேண்டும்.

1500-க்குக் கீழே உள்ள பகுதியை வேறுவிதமாகப் பயன்படுத்துவதே நல்லது. அங்கே பல பிணைப்புகள் சேர்ந்து அதிர்வதால், எந்தப் பள்ளம் யாருடையது என்று பிரிப்பது கடினம். ஆனால் மொத்த உருவம் ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனி. அதனால் அதற்குக் கைரேகைப் பகுதி என்றே பெயர். ஜப்பானின் SDBS தரவுத்தளத்தில் சேர்மத்தின் பெயரைத் தட்டினால் அசல் நிறமாலை இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பள்ளத்துக்குப் பள்ளம் பொருத்திப் பார்க்க வேண்டும். அட்டவணை ஆளைச் சந்தேகிக்க உதவும். உறுதிசெய்வது இந்த ஒப்பீடுதான்.

சேர்மத்துக்குச் சம்பந்தமே இல்லாத பள்ளங்களும் தாளில் வரும். அவற்றுக்கும் அட்டவணையில் இடம் வேண்டும். திண்மப் பொருளைப் பொட்டாசியம் புரோமைடு உப்போடு அரைத்து வில்லையாக அழுத்துவது வழக்கம். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும்; சென்னை போன்ற கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். அடுப்பில் உலர்த்தாத உப்பில் செய்த வில்லை 3400 பக்கம் அகலமாக ஒரு பள்ளம் காட்டும். மாணவர் மகிழ்ச்சியோடு ஆல்கஹால் என்று எழுதுவார். 1640-இலும் சிறிதாக ஒன்று சேர்ந்து வந்தால் அது தண்ணீர் என்று அறியலாம். 2350-இல் வரும் இரட்டை, அறைக் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு. ஆராய்ச்சியாளரின் மூச்சும் அதில் கலந்திருக்கும். நைட்ரைலின் எல்லை 2260-இல் முடிகிறது என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது. கருவியே இடம் தவறிக் காட்டுகிறதா என்று பார்க்க, மெல்லிய பாலிஸ்டைரீன் தாளை வைத்து ஒரு முறை எடுப்பார்கள். அதன் பள்ளம் 1601-இல் விழ வேண்டும். 1610-இல் விழுந்தால் அன்றைய எண்கள் எதையும் நம்ப முடியாது.

இப்போது பல கல்லூரிகளில் வைரப் படிகத்தின்மேல் ஒரு துளியை வைத்தால் போதும் என்ற புதிய வகைக் கருவி வந்துவிட்டது. வில்லை, உப்புத் தகடு எதுவும் வேண்டாம். ஆனால் அந்த முறையில் ஒளி மாதிரிக்குள் நுழையும் ஆழம் அலைநீளத்தோடு மாறும்; 3000 பக்கப் பள்ளங்கள் பழைய முறையில் வருவதைவிட மெலிந்து தெரியும். அட்டவணையில் "வலு" என்று இருப்பது தாளில் "நடுத்தரம்" என்று வந்தால், தொகுதியைச் சந்தேகிக்கும் முன் எந்தக் கருவியில் எடுத்தது என்று கேட்க வேண்டும்.

அகச்சிவப்பு, தொகுதிகளின் பெயரைச் சொல்லும். எத்தனை ஹைட்ரஜன் எங்கே என்று சொல்லாது. அதற்கு என்.எம்.ஆர். வேண்டும். அதற்கும் இதே மாதிரி எண் வரிசை அட்டவணை ஒன்று செய்யலாம். அலை எண்ணுக்குப் பதிலாக 0 முதல் 12 வரை ஓர் அளவுகோல். நம் திரவத்துக்கு 3.9-இல் மூன்று ஹைட்ரஜன் கூர்மையாக வருகிறது: ஆக்சிஜனில் ஒட்டிய மெத்தில். 6.8-க்கும் 7.9-க்கும் இடையே நான்கு ஹைட்ரஜன் நான்கு தொகுப்பாக வருகின்றன: வளையத்தில் நான்கு என்றால், ஆறு இடங்களில் இரண்டில் தொகுதிகள். 757, 701 எழுப்பிய குழப்பம் இங்கே தீர்கிறது. எதிரெதிர் இடங்களில் தொகுதிகள் இருந்தால் சமச்சீர் காரணமாக நான்கும் இரண்டு தொகுப்பாகவே வந்திருக்கும்.

கடைசிச் சமிக்ஞை 10.7-இல், ஒரே ஒரு ஹைட்ரஜன். சாதாரண பீனாலின் O–H 4 முதல் 7 வரைதான் இருக்க வேண்டும். 10-க்கு மேல் என்றால் அட்டவணை கார்பாக்சிலிக் அமிலம் என்று சொல்லும். அமிலம் இல்லை என்பதைச் சமையல் சோடா ஏற்கெனவே காட்டிவிட்டது. அகச்சிவப்பில் 3190-க்கும் 1680-க்கும் இறக்கியதும், இங்கே 10.7-க்கு நகர்த்தியதும் அதே ஹைட்ரஜன் பிணைப்புதான். ஃபெரிக் குளோரைடு ஒரு துளி விட்டால் திரவம் ஊதாவாக மாறி பீனாலை ஒப்புக்கொள்கிறது.

ஆகவே கார்போனைல் தனித்தாளின் அடியில் இன்னொரு வரி சேர வேண்டும். சாலிசில் ஆல்டிஹைடும் ஆர்த்தோ ஹைட்ராக்சி அசிட்டோபீனோனும் இதே போலத் தம் வழக்கமான இடத்திலிருந்து இறங்கித்தான் நிற்கும், மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி போதும்: 1640–1680, O–H 3200-க்குக் கீழே அகலமாக இருந்தால், வளையத்தில் அடுத்தடுத்து O–H-உம் கார்போனைலும், நீர்த்துப் பார், நகராது, என்.எம்.ஆரில் 10-க்கு மேல் தேடு.